தவணை கட்ட முடியாத மாதம்: மேனேஜருக்கு ஒரு கடிதம்

வீட்டு வருமானம் திடீரென்று பாதியாகிவிட்டால் முதலில் நாம் குறைப்பது பால், காய்கறி. அடுத்தது பிள்ளைகளின் டியூஷன். கடைசியில்தான் வங்கித் தவணை ஞாபகத்துக்கு வருகிறது. அதற்குள் இரண்டு தவணை போயிருக்கும். மூன்றாவதும் தவறினால் கணக்கின் நிறமே மாறிவிடும். சகோதரிகளே, நான் சொல்ல வருவது அதற்கு முன்னால் எழுத வேண்டிய ஒரு கடிதத்தைப் பற்றித்தான்.

வங்கியில் கடன் பிரிவில் பல வருஷம் உட்கார்ந்திருந்தவள் நான். இப்போது ஓய்வு பெற்று பொதட்டூர்பேட்டையில் இருக்கிறேன். திருத்தணி மலையிலிருந்து பள்ளிப்பட்டு பக்கமாக வந்தால் ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது எங்கள் ஊர். தெருவில் நடந்தால் ஒரு வீட்டில் தமிழ், அடுத்த வீட்டில் தெலுங்கு. இரண்டு வீட்டிலும் கேட்பது விசைத்தறிச் சத்தம். கூலிக்கு நெய்கிற குடும்பங்கள்தான் அதிகம். தறி ஓடினால் கூலி, நின்றால் இல்லை. மாதச் சம்பளக்காரர்களுக்கு வருமானம் குறைவது அபூர்வம். எங்கள் தெருவில் அது எந்த வாரமும் நடக்கலாம்.

2020ல் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் நடந்தது

2020 மார்ச் 25ல் ஊரடங்கு வந்து நாடெங்கும் வேலைகள் நின்றன. மார்ச் 27ல் ரிசர்வ் வங்கி ஓர் அறிவிப்பு விட்டது. மார்ச், ஏப்ரல், மே மாதத் தவணைகளை வங்கிகள் ஒத்திப்போட அனுமதி தந்தது. பிறகு அதையே ஆகஸ்ட் 31 வரை நீட்டியது. "ஆறு மாசம் கட்ட வேணாமாம்" என்று பேசிக்கொண்டோம். பாதிப் பேர் அதை "தள்ளுபடி" என்றே நினைத்துக்கொண்டார்கள்.

தள்ளுபடி இல்லை. தவணைதான் நின்றது, வட்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது. 4 லட்சம் ரூபாய் பாக்கி, வருஷத்துக்கு 10 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் வட்டி மட்டும் சுமார் 3,333 ரூபாய். ஆறு மாதம் ஒன்றுமே கட்டாமல் இருந்தால் அந்த வட்டி அசலோடு சேர்ந்து, பாக்கி சுமார் 4,20,400 ரூபாய் ஆகிவிடும். வட்டிக்கும் வட்டி போட்டதைப் பற்றி வழக்கு எழுந்தது. 2020 அக்டோபரில், 2 கோடி ரூபாய் வரையான கடன்களுக்கு அந்த ஆறு மாதத்தில் ஏறிய வட்டிக்கு வட்டியை மட்டும் தாங்கிக்கொள்வதாக மத்திய அரசு சொன்னது. 2021 மார்ச் 23ல் உச்ச நீதிமன்றம், எந்தக் கடனுக்குமே அந்தக் காலத்துக்கு வட்டிக்கு வட்டி கூடாது என்று தீர்ப்பளித்தது. ஆனால் வட்டியையே தள்ளுபடி செய்ய முடியாது என்றும் சொல்லிவிட்டது.

ஒத்திப்போடுவதற்குப் பிறகு வந்ததுதான் 'கடன் சீரமைப்பு'. 2020 ஆகஸ்ட் 6ல் ஒரு முறையும், இரண்டாவது அலையின்போது 2021 மே 5ல் இன்னொரு முறையும் ரிசர்வ் வங்கி அதற்கு வழி திறந்தது. தவணையைக் குறைத்து, காலத்தை அதிகபட்சம் இரண்டு வருஷம் வரை நீட்டிக்கொள்ளலாம். அப்படிச் செய்தாலும் கணக்கு 'வாராக் கடன்' ஆகாது என்பதுதான் அந்த ஏற்பாட்டின் பெரிய சலுகை. அந்த இரண்டு வாசல்களும் 2021லேயே மூடிவிட்டன.

இதை இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இன்றைக்கும் சிலர் வங்கிக்குப் போய், "கொரோனாவில் கொடுத்தீங்களே, அதே மாதிரி ஆறு மாசம் கொடுங்க" என்கிறார்கள். அன்றைக்கு அது நாட்டுக்கே பொதுவான ஏற்பாடு. இன்றைக்கு ஒரு தனிக் குடும்பத்துக்குக் கஷ்டம் என்றால், கடனைச் சீரமைப்பதா வேண்டாமா என்பது அந்தந்த வங்கி தன் விதிப்படி எடுக்கும் முடிவு. நமக்கு உரிமை என்று ஒன்றும் இல்லை. அதனால்தான் கடிதம் முக்கியமாகிறது. முடிவெடுக்கிறவர் பெரும்பாலும் கிளை மேனேஜர்கூட இல்லை, அவருக்கு மேலே மண்டல அலுவலகத்தில் இருக்கிற யாரோ ஒருவர். அவர் நம் முகத்தைப் பார்க்க மாட்டார். காகிதத்தைத்தான் பார்ப்பார்.

தொண்ணூறு நாள் கணக்கு

கடிதம் எப்போது எழுத வேண்டும்? தவணை தவறுவதற்கு முன்பே. அது முடியாவிட்டால் முதல் தவணை தவறிய அந்த மாதமே.

வங்கியின் கணினியில் ஒவ்வொரு கணக்குக்கும் நாள் எண்ணிக்கை ஓடுகிறது. தவணை தவறி 30 நாள் வரை ஒரு படி, 60 நாள் வரை இன்னொரு படி, 90 நாள் வரை மூன்றாவது படி. 90 நாளைத் தாண்டினால் வாராக் கடன். முதல் படியில் இருக்கும்போது மேனேஜருக்குக் கை நீட்ட இடமிருக்கிறது. மூன்றாவது படியில் அவருக்கே மேலிடத்திலிருந்து தினமும் போன் வரும், "அந்தக் கணக்கு என்னாச்சு?" என்று. அப்போது நம் கதையைக் கேட்க அவருக்குப் பொறுமையும் இருக்காது, வழியும் இருக்காது.

வீட்டை அடமானம் வைத்து வாங்கிய கடனாக இருந்து, அது வாராக் கடன் ஆகிவிட்டால் வங்கி சட்டப்படி 60 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்பலாம். பாக்கி ஒரு லட்சத்துக்கு மேல் இருந்தால்தான் இந்தச் சட்டம் பொருந்தும். அந்த நோட்டீஸ் வந்தாலும் பதில் எழுத வழி உண்டு. நாம் ஆட்சேபம் எழுதினால் 15 நாளுக்குள் வங்கி காரணத்தோடு பதில் சொல்லியாக வேண்டும். ஆனாலும் அந்த அளவுக்குப் போக விடக்கூடாது.

எங்கள் தெருவில் ஒரு வீடு

போன வருஷம் எங்கள் தெருவில் ஒரு குடும்பத்துக்கு நான் கடிதம் எழுதிக் கொடுத்தேன். பெயர் வேண்டாம். அந்த வீட்டில் நான்கு தறி. புருஷன் பெண்டாட்டி இருவருமாக ஓட்டி, செலவு போக மாதம் 24,000 ரூபாய் கூலி பார்த்தார்கள். வீட்டுக் கடனில் பாக்கி 4 லட்சம், இன்னும் 60 மாதம், தவணை 8,499 ரூபாய். ஒழுங்காகக் கட்டி வந்தார்கள்.

ஒரு நாள் அவர் மாடிப்படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் ஆயிற்று. ஆறு மாதம் தறி முன் நிற்கக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தப் பெண் தனியாக இரண்டு தறிதான் ஓட்ட முடிந்தது. கூலி 12,000. ராத்திரி ரவிக்கை தைத்து 2,000. மொத்தம் 14,000.

"அக்கா, மகளிர் குழுவுல வாரக் கடன் தரேன்றாங்க. அதை வாங்கி பேங்க்ல கட்டிடவா?" என்று கேட்டாள்.

"வேணாம்மா. அதுக்கும் வாரா வாரம் கட்டணும். ஒரு குழியை மூட இன்னொரு குழி தோண்டினா மண்ணுக்கு எங்கே போவே? முதல்ல கணக்குப் போடலாம், உட்காரு" என்றேன்.

ஒரு நோட்டில் எழுதினோம். மளிகை, காய்கறி 5,000. பால், கேஸ் 1,900. பிள்ளைகள் பள்ளிச் செலவு 1,200. மருந்து 1,200. பஸ், போன் 800. ஆகமொத்தம் 10,100 ரூபாய். 14,000ல் இதைக் கழித்தால் மிச்சம் 3,900. இந்த 3,900தான் கடிதத்தின் உயிர். எவ்வளவு கட்ட முடியும் என்பதை நாம் சொல்லாவிட்டால் வங்கிக்காரர் தன் மனசுக்குத் தோன்றியதைச் சொல்லுவார்.

மாத வட்டி 3,333. அது 3,900க்குள் அடங்குகிறது. ஆகவே ஆறு மாதத்துக்கு வட்டி மட்டும் கட்டுகிறோம் என்று கேட்கலாம். அசல் ஏறாது, அப்படியே நிற்கும். ஆறு மாதம் கழித்து அவர் எழுந்து மூன்று தறி ஓடினால் 18,000 வரும். செலவு போக 7,900 மிஞ்சும். பழைய 8,499 தவணைக்கு அது போதாது. கடன் காலத்தை மொத்தத்தில் இரண்டு வருஷம் நீட்டினால், ஆறு மாதம் போக மீதி 78 மாதத்துக்குத் தவணை சுமார் 6,995 ரூபாய். அது 7,900க்குள் வருகிறது. தையல் காசை இதில் நான் சேர்க்கவில்லை. அது தவறினாலும் கணக்குத் தவறக் கூடாது.

சலுகைக்கு விலை உண்டு, அதையும் அவளிடம் சொன்னேன். பழைய ஏற்பாட்டில் மொத்த வட்டி ஏறத்தாழ 1,09,900 ரூபாய். புது ஏற்பாட்டில் 1,65,600. சுமார் 55,700 ரூபாய் கூடுதல். "இவ்ளோவா அக்கா?" என்று வாயைப் பிளந்தாள். ஆமாம், இவ்வளவுதான். வீடு கையில் நிற்க அது விலை. பின்னால் வருமானம் கூடும்போது இடையிடையே கொஞ்சம் அசலில் கட்டினால் அது குறையும். மிதக்கும் வட்டியில் வாங்கிய தனிநபர் வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கிடையாது என்பதும் நமக்குச் சாதகம்.

கடிதம் இதுதான்

கடன் அவர் பெயரில், இவள் கூட்டுக் கடன்தாரர். ஆகவே இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு பக்கம், அவ்வளவுதான்:

"மதிப்பிற்குரிய மேனேஜர் அவர்களுக்கு, வணக்கம்.

பொருள்: வீட்டுக் கடன் கணக்கு எண் ......... தவணை மாற்றி அமைக்கக் கோருதல்.

மேற்படி கடனில் இதுவரை எல்லாத் தவணைகளையும் தவறாமல் கட்டியிருக்கிறோம். இன்றைய பாக்கி 4,00,000 ரூபாய். மாதத் தவணை 8,499 ரூபாய்.

சென்ற மாதம் 9ஆம் தேதி எனக்கு இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை நடந்தது. ஆறு மாதம் தறி ஓட்டக் கூடாது என்று மருத்துவர் எழுதியிருக்கிறார். நான்கு தறியில் இரண்டு மட்டும் ஓடுகிறது. குடும்ப வருமானம் 24,000 ரூபாயிலிருந்து 14,000 ரூபாயாகக் குறைந்துவிட்டது. அத்தியாவசியச் செலவு 10,100 ரூபாய். கணக்கு இணைத்துள்ளோம்.

ஆகவே கீழ்க்கண்டபடி மாற்றித் தரக் கேட்டுக்கொள்கிறோம்: (1) அடுத்த ஆறு மாதங்களுக்கு வட்டி மட்டும், மாதம் சுமார் 3,333 ரூபாய். (2) அதன் பிறகு 78 மாதங்களுக்கு மாதம் சுமார் 6,995 ரூபாய், அதாவது கடன் காலம் மொத்தத்தில் 24 மாதம் நீட்டிப்பு. ஆறு மாதத்துக்குப் பின் மூன்று தறி ஓடி 18,000 ரூபாய் வருமானம் வரும் என்று எதிர்பார்க்கிறோம்.

தங்கள் முடிவு வரும் வரை மாதாமாதம் 3,333 ரூபாய் கட்டி வருகிறோம். முடிவை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறோம்.

இணைப்பு: மருத்துவர் சான்று, டிஸ்சார்ஜ் சீட்டு, ஆறு மாத பாஸ்புக் நகல், கூலிச் சீட்டுகள், செலவுக் கணக்கு."

இதில் எதை விட்டேன் என்று பாருங்கள். "தங்கள் காலில் விழுகிறோம்", "ஏழைக் குடும்பம்", "கடவுள் தங்களைக் காப்பார்" ஒன்றும் இல்லை. மேலே இருக்கிற அதிகாரி தேடுவது நான்கே நான்கு விஷயம். ஏன் குறைந்தது, எவ்வளவு குறைந்தது, எப்போது சரியாகும், அதுவரை எவ்வளவு கட்டுவார்கள். நான்குக்கும் காகிதச் சாட்சி வேண்டும். கூலி வேலைக்குச் சம்பளச் சீட்டு இல்லையே என்று விட்டுவிடக் கூடாது. நூல் கொடுக்கிறவர் எழுதித் தருகிற கூலிச் சீட்டு, இல்லாவிட்டால் அவர் கையெழுத்துப் போட்ட ஒரு காகிதமும் சாட்சிதான்.

"தாங்கள் பார்த்து ஏதாவது செய்யுங்கள்" என்றும் எழுதக் கூடாது. எதைக் கேட்கிறோம் என்று எண்ணாகச் சொன்னால்தான் அதற்கு ஆமாம் அல்லது இல்லை என்று பதில் வரும்.

கொடுத்த பிறகு

இரண்டு பிரதி எடுத்துப் போனோம். ஒன்றில் வங்கி முத்திரையும் தேதியும் வாங்கினோம். கவுண்டரில், "வெச்சிட்டுப் போங்க, பார்க்கலாம்" என்றார்கள். "சீல் மட்டும் போட்டுக் குடுங்க சார், காத்திருக்கோம்" என்று நின்றாள். போட்டுக் கொடுத்தார்கள். முத்திரை தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பலாம். அந்தத் தேதிதான் பின்னால் எல்லாவற்றுக்கும் ஆதாரம்.

இன்னொரு விஷயம் பலர் கவனிப்பதில்லை. சேமிப்புக் கணக்கிலிருந்து தவணையைத் தானாக எடுக்கும் ஏற்பாடு 8,499க்குத்தான் இருக்கும். கணக்கில் 3,333 மட்டும் போட்டால் அது எடுபடாமல் திரும்பும். திரும்பிய ஒவ்வொரு தடவைக்கும் கட்டணம் பிடிப்பார்கள். ஆகவே பணத்தைக் கிளைக்கே கொண்டுபோய்க் கடன் கணக்கில் நேராகச் செலுத்தி ரசீது வாங்கினாள். தானாக எடுக்கும் தொகையை மாற்றவும் தனியாக எழுதிக் கொடுத்தாள். முடிவு வரும் வரை, குறைவாகக் கட்டிய பங்குக்கு நாள் எண்ணிக்கை ஓடிக்கொண்டுதான் இருக்கும். கடிதம் கொடுத்ததாலேயே அது நிற்காது. அதனால் வாரம் ஒரு முறை போய் "என்னாச்சு சார்?" என்று கேட்பதில் வெட்கமில்லை.

ஏழாவது வாரத்தில் பதில் வந்தது. வட்டி மட்டும் கட்ட ஆறு மாதத்துக்குப் பதில் நான்கு மாதம் கொடுத்தார்கள். கால நீட்டிப்பைக் கேட்டபடியே ஒப்புக்கொண்டார்கள். புது ஒப்பந்தம் எழுதி, கடன்தாரர் இருவரோடு ஜாமீன் போட்டவரையும் வரவழைத்துக் கையெழுத்து வாங்கினார்கள். கையெழுத்துப் போடுமுன் மூன்று இடத்தைப் பார்க்கச் சொன்னேன்: வட்டி விகிதம் ஏறியிருக்கிறதா, நிலுவை எதையாவது அசலில் சேர்த்திருக்கிறார்களா, கடைசித் தவணை எந்த மாதம். மூன்றும் சரியாக இருந்தது. மீதி இரண்டு மாதத்துக்கு அவள் காதுத் தோட்டை அடகு வைத்தாள். அதைப் பிறகு மீட்டுவிட்டாள்.

அவளிடம் மறைக்காமல் சொன்ன ஒன்றை உங்களிடமும் சொல்லிவிடுகிறேன். கஷ்டத்தின் பேரில் நிபந்தனையைத் தளர்த்தினால், 2020, 2021ல் இருந்த விசேஷ விலக்கு இப்போது இல்லாததால், வங்கி அந்தக் கணக்கைப் பொதுவாகக் கீழ்ப் படிக்கு இறக்கிவிடும். சிபில் அறிக்கையில் 'சீரமைக்கப்பட்டது' என்று பதிவாகும். கொஞ்ச காலத்துக்குப் புதுக் கடன் கிடைப்பது கஷ்டம். ஆகவே ஒரு மாதம், இரண்டு மாதம் மட்டும்தான் தட்டுப்பாடு என்றால், நகையோ சேமிப்போ கொண்டு சமாளிப்பதே மேல். நான்கைந்து மாதத்துக்கு மேல் நீளும் என்று தெரிந்தால் கடிதம்தான் வழி.

மறுத்துவிட்டால்?

வாய்மொழியாக "முடியாது" என்றால் அதை எழுத்தில் கேளுங்கள். பதிலே இல்லை என்றால் வங்கியின் குறைதீர் அதிகாரிக்கு, முத்திரை போட்ட பிரதியோடு புகார் எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை. cms.rbi.org.in என்ற தளத்தில் பதியலாம், தபாலிலும் அனுப்பலாம்.

ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். கடனைச் சீரமைத்தே தீர வேண்டும் என்று குறைதீர்ப்பாளர் வங்கியைக் கட்டாயப்படுத்த மாட்டார். அது வங்கியின் வியாபார முடிவு. பதில் தராமல் இழுத்தடித்தது, தவறான கட்டணம் பிடித்தது, வசூலுக்கு வந்தவர் மிரட்டியது போன்றவைதான் அங்கே எடுபடும். வசூலுக்கு வருகிறவர்கள் காலை 8 மணிக்கு முன்னாலும் மாலை 7 மணிக்குப் பின்னாலும் போன் செய்து தொந்தரவு பண்ணக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அப்படி வந்தால் தேதி, நேரம், பேசிய பேச்சு மூன்றையும் அன்றே நோட்டில் குறித்து வையுங்கள்.

வங்கி முழுதாக மறுத்தாலும் கேட்டதைக் குறைத்து மறுபடி கேட்கலாம். வட்டி மட்டும் கட்டும் சலுகை வேண்டாம், காலத்தை மட்டும் நீட்டுங்கள் என்று ஒரு கடிதம். அல்லது தவணைத் தேதியைக் கூலி வரும் தேதிக்கு மாற்றுங்கள் என்று ஒரு கடிதம். எங்கள் ஊரில் வாரக் கூலி சனிக்கிழமை கைக்கு வரும். தவணைத் தேதி மாத முதல் வாரத்தில் இருந்ததால் மட்டுமே ஒவ்வொரு மாதமும் அபராதம் கட்டி வந்த ஒரு வீட்டுக்கு, தேதியைப் பதினைந்துக்கு மாற்றியதே போதுமானதாக இருந்தது. கடிதம் எழுதுமுன் அந்த நோட்டுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டுக்கு எது தேவை என்பது அதில் தெரிந்துவிடும்.